பணம் காணோம் என்றால் முதலில் பூட்ட வேண்டியது அலமாரியை, ஆளை அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவன் பேசினான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது மொத்த வியாபாரக் கடை வைத்து ஒன்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். குரலே சரியில்லை. "சார், கடையில பணம் குறையுது. நாலஞ்சு மாசமா நடந்திருக்கு. கணக்கு எழுதுற பையன் மேலதான் சந்தேகம். நேத்து ராத்திரி எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டுட்டேன். அவன் அழறான், ஒத்துக்க மாட்டேங்கிறான். கடை வாட்ஸப் குரூப்லயும் போட்டுட்டேன். இப்ப போலீசுக்குப் போகலாமா சார்?"

நான் கேட்டது ஒரே கேள்வி. "நேத்து ராத்திரி கூட்டம் முடிஞ்ச பிறகு கணக்குப் புத்தகமும் கம்ப்யூட்டரும் யார் கையில இருந்துச்சு?" அவன் பேசவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், இதே தவற்றை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

2006-ஆம் ஆண்டு. எங்கள் பகுதி ஆசிரியர்களின் சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் நான் இயக்குநர் குழு உறுப்பினர். எந்த ஊர், எந்தச் சங்கம் என்பதை விட்டுவிடுங்கள். தெரிந்தவர்கள் கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குக் கடன் தவணை சம்பளத்திலேயே பிடித்தம் ஆகிவிடும். ஓய்வு பெற்றவர்களும் விடுப்பில் இருப்பவர்களும் மட்டும் ரொக்கமாக வந்து கட்டுவார்கள். முகப்பில் ரசீது போட ஒரு இளம்பெண் இருந்தாள். தொகுப்பூதியம், நிரந்தரம் இல்லை. மாலையில் அவள் பணத்தைச் செயலாளரிடம் ஒப்படைப்பாள். செயலாளர் ரொக்கப் புத்தகத்தில் பதிந்து, மறுநாள் வங்கியில் கட்டுவார். இருபது வருட அனுபவஸ்தர், நெற்றி நிறைய விபூதி, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்க மாட்டார். அதை நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் பாராட்டிக்கொண்டிருந்தோம்!

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கேட்டு வந்தார். பேரேட்டைப் புரட்டினால் இரண்டு தவணை பாக்கி. அவரோ கைப்பையிலிருந்து இரண்டு ரசீதையும் எடுத்து வைத்தார். இரண்டிலும் அந்தப் பெண்ணின் கையெழுத்து. அவ்வளவுதான், எங்களுக்கு முடிவு கிடைத்துவிட்டது. அன்று மாலையே அவசரக் கூட்டம். ஏழு ஆண்கள் சுற்றி உட்கார்ந்து அவளை நடுவில் நிற்க வைத்தோம். "எடுத்திருந்தா சொல்லிடும்மா, வெளியில தெரியாம முடிச்சிடலாம்" என்று ஒருவர். "எழுதிக் கொடு, இல்லைன்னா போலீஸ்தான்" என்று இன்னொருவர். நான் அதட்டவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. அவள் எதுவும் எழுதித் தராமல் அழுதுகொண்டே போனாள், மறுநாளிலிருந்து வரவில்லை. "பாத்தீங்களா, ஓடிட்டா" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்று இரவு கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, "நான் கணக்கைச் சரிபார்த்து வைக்கிறேன்" என்று அலுவலகத்திலேயே தங்கியவர் செயலாளர். சாவி அவரிடம்தான்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டுறவுத் துறையிலிருந்து விசாரணை அலுவலர் வந்தார். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் 81-ஆம் பிரிவின்படி விசாரணை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த சார்பதிவாளர், மெதுவாகப் பேசுகிற மனிதர். முதல் நாள் அவர் யாரையும் விசாரிக்கவில்லை. வங்கிச் செலான் அடிக்கட்டைப் புத்தகங்களைக் கேட்டார். மூன்று புத்தகங்கள் இல்லை. "இது எப்ப வரைக்கும் இருந்துச்சு?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வாத்தியாரே, சத்தம் போடுறதுக்கு முன்னாடி ஒரு பூட்டு வாங்கியிருக்கலாமே."

அந்த மனிதர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேரேடு எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கணக்குத் தணிக்கை சொல்லித் தரவில்லை. இவர் சொல்லித் தந்தார். பிறகு சில புத்தகங்கள் படித்தேன், தணிக்கையாளராக இருக்கும் மாணவர்களைத் தொல்லை செய்து கேட்டுக்கொண்டேன். இதைத் தடயத் தணிக்கை என்கிறார்கள். வழக்கமான ஆண்டுத் தணிக்கை, கணக்கு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்க்கும். தடயத் தணிக்கை, எழுதியவர் மறைக்கப் பார்த்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, நாளை நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி ஒவ்வொரு தாளையும் கையாளும். இரண்டும் ஒன்றில்லை.

அவர் எங்களிடம் சொன்ன முதல் விஷயம், சந்தேகம் வந்த உடனே அது எத்தனை பேருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அந்த மூன்று பேரில் கணக்கோடு அன்றாடம் தொடர்புள்ளவர் யாரும் இருக்கக் கூடாது. அவருக்கு மேலே கையெழுத்துப் போட்டவரும் கூடாது. நாங்களோ செயலாளரையே விசாரணைக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுத உட்கார வைத்திருந்தோம்.

அடுத்தது, அன்று மாலையே, வேலை நேரம் முடிந்ததும், ஆவணங்களைக் கைப்பற்றுவது. எதைப் பூட்ட வேண்டும் என்று கேட்டால் பலர் ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் சொல்வார்கள். அவை முக்கியம்தான். ஆனால் அவை குற்றம் செய்தவர் எழுதிய கதையாகவே இருக்கலாம். அதைவிட முக்கியம், அவர் கை படாமல் பிறந்த தாள்கள்: ரசீது அடிக்கட்டைகள், வங்கிச் செலான்கள், எத்தனை ரசீதுப் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தது என்ற இருப்புப் பதிவேடு, அச்சகத்தின் பில், வருகைப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பங்கள். வருகைப் பதிவேடு எதற்கு என்று எனக்கும் அப்போது புரியவில்லை. பொறுங்கள், வருகிறேன்.

எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினார்: என்ன, எத்தனை பக்கம், எங்கிருந்து, யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு, இப்போது எங்கே வைத்திருக்கிறது. இரண்டு சாட்சிக் கையெழுத்து. பிறகு யார் எடுத்துப் பார்த்தாலும் அதே தாளில் நேரமும் கையெழுத்தும். சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால், "அந்த நேரத்தில் நீங்களே மாற்றியிருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். மூலத் தாளில் பென்சிலால்கூட அவர் குறியிடவில்லை. நகல் எடுத்து, நகலில்தான் சிவப்பு மையால் வட்டம் போட்டார். நாங்கள் ஆசிரியர்கள், கையில் சிவப்புப் பேனா கிடைத்தால் சும்மா இருக்க முடியாது; எங்கள் தலைவர் அதற்கு முன்பே பேரேட்டில் பத்து இடத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்!

கையிருப்புப் பணத்தையும் அன்றே எண்ண வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல். ஆனால் பொறுப்பாளர் கண் முன்னால் எண்ண வேண்டும். நோட்டு வாரியாக எழுதி, எண்ணிய பணத்தை அவரிடமே திரும்ப ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் இல்லாதபோது எண்ணினால், குறைந்த பணத்தை எடுத்தது எண்ணியவர்தான் என்று அவர் சொல்ல இடம் கொடுத்தது போலாகும்.

வங்கிக் கணக்கு விவரத்தை அலுவலகத்திலிருந்து வாங்காதீர்கள். வங்கிக்கு நேரே எழுதி, பதில் நேரே உங்கள் கைக்கு வர வேண்டும். இது ஏதோ சின்னச் சங்கத்துக்கான பாடம் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தானே ஒப்புக்கொண்டாரே, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் சுமார் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று. அத்தனை பெரிய ஓட்டையை வருடக்கணக்கில் மறைக்க முடிந்ததற்கு ஒரு காரணம், வங்கி இருப்புக்கான உறுதிக் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்து வங்கியிடமிருந்து நேரே பெறாமல், நிறுவனத்தின் கை வழியாக விட்டதுதான். எங்கள் சங்கத்திலும் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து வாங்கி வருவது செயலாளர்தான்.

இனி அந்தக் கையாடல் எப்படி நடந்தது, எப்படிப் பிடிபட்டது என்பதைச் சொல்கிறேன். எண்கள் எளிதாக இருக்கட்டும் என்று உருட்டிச் சொல்கிறேன். மூன்றாம் தேதி முதல் உறுப்பினர் 6,000 ரூபாய் கட்டுகிறார். ரசீது சரியாகப் போடப்படுகிறது. பணம் உள்ளே போகவில்லை, பையில் போய்விட்டது. பதினொன்றாம் தேதி இரண்டாமவர் 6,500 கட்டுகிறார். அதில் 6,000-ஐ முதலாமவர் கட்டியதாக ரொக்கப் புத்தகத்தில் அன்றைய தேதியில் எழுதிவிடுகிறார்கள். இரண்டாமவர் பெயரில் 500 மட்டும். இருபதாம் தேதி மூன்றாமவர் கட்டும் பணத்திலிருந்து இரண்டாமவரின் மீதி 6,000 நிரப்பப்படுகிறது. ஒருவன் தலையில் தொப்பியை எடுத்து இன்னொருவன் தலையில் வைப்பது போல. வங்கியில் கட்டிய தொகையும் ரொக்கப் புத்தகமும் எப்போதும் ஒத்துப்போகும், கூட்டல் சரியாக இருக்கும். அதனால்தான் ஆண்டுத் தணிக்கையில் சிக்கவில்லை. ஓட்டை 6,000தான், ஆனால் அது ஆள் மாறி ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் இன்னும் கொஞ்சம் எடுத்தால் ஓட்டை பெரிதாகும், நிரப்பத் தாமதமும் கூடும்.

அலுவலர் செய்தது இவ்வளவுதான். ஒரு நீளத் தாளில் மூன்று தேதிகளை அடுத்தடுத்து எழுதினார். ரசீது அடிக்கட்டையில் உள்ள தேதி, ரொக்கப் புத்தகத்தில் பதிந்த தேதி, வங்கியில் வரவான தேதி. ஒழுங்கான கணக்கில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளியே இருக்காது. நான் சொன்ன உதாரணத்தில் முதலாமவருக்கு எட்டு நாள், இரண்டாமவருக்கு ஒன்பது நாள். எங்கள் சங்கத்தில் மூன்று வருடத்துக்கு முன்பு இரண்டு மூன்று நாளாகத் தொடங்கி, கடைசியில் நாற்பது நாளைத் தாண்டியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இதுவரை பார்த்தால் அந்தப் பெண்ணும் செய்திருக்கலாம், செயலாளரும் செய்திருக்கலாம். இங்கேதான் வருகைப் பதிவேடு. செயலாளர் மூன்று வருடத்தில் ஒரே ஒருமுறை ஒன்பது நாள் விடுப்பு எடுத்திருந்தார், மகள் கல்யாணத்துக்கு. அந்த ஒன்பது நாளும் ரொக்கப் புத்தகத்தை எழுதியவர் உதவியாளர். அந்த நாட்களில் வாங்கிய ரசீதுகள் ஒவ்வொன்றும் அதே தேதியில் பதிவாகியிருந்தன. இடைவெளி பூஜ்யம். அந்தப் பெண் ஒன்பது நாளும் முகப்பில் வேலை பார்த்திருக்கிறாள். அவள் எடுப்பவளாக இருந்தால் அந்த வாரமும் தாமதம் இருந்திருக்கும். தலைமையாசிரியை கட்டிய இரண்டு தவணை அந்தரத்தில் நின்றதும் அப்போதுதான். நிரப்ப வேண்டியவர் கல்யாண வேலையில் இருந்தார். விடுப்பே எடுக்காத ஊழியரைப் பாராட்டும் முன் யோசியுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். எல்லாரும் திருடர் என்று அர்த்தம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கட்டாய விடுப்பு, அந்த நாளில் வேறொருவர் அதே வேலை. வங்கிகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ரசீது போட்டால்தான் அடிக்கட்டை இருக்கும். ரசீதே கொடுக்காமலோ, தனியாக அச்சடித்த போலிப் புத்தகத்திலோ பணம் வாங்கியிருந்தால் மூன்று தேதித் தாளில் அது தெரியாது. அதற்காக, ரொக்கமாகக் கட்டும் எல்லா உறுப்பினருக்கும் "எங்கள் கணக்கின்படி உங்கள் பாக்கி இவ்வளவு, சரியா?" என்று கடிதம் போனது. பதில் முகவரி சங்கம் இல்லை, அவருடைய அலுவலகம். அந்தப் பதில்களில் மேலும் நான்கு பேர் வெளிவந்தார்கள். கடைசியில் தொகை மூன்று லட்சத்துச் சொச்சம்.

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். இன்றைக்குக் கணக்கு கணினியில். அங்கேயும் விதி அதுதான், வழி மட்டும் வேறு. சந்தேகப்படும் கணினியில் உட்கார்ந்து நீங்களே கோப்புகளைத் திறந்து பார்க்காதீர்கள். திறந்தாலே சில தேதிகள் மாறிவிடும். நெட்வொர்க்கைத் துண்டித்து, அறையைப் பூட்டி, தெரிந்த நிபுணரைக் கொண்டு வன்தட்டை அப்படியே முழு நகல் எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் மூலத்தில் எதுவும் எழுத முடியாதபடி தடுக்கும் கருவியை இடையில் வைத்துத்தான் எடுப்பார்கள். கேமராப் பதிவை அன்றே பிரதி எடுங்கள். கடைகளில் உள்ள பெட்டிகள் இடம் நிறைந்ததும் பழையதை அழித்து மேலேயே எழுதிவிடும். வெளியிலிருந்து உள்ளே நுழையும் கடவுச்சொற்களை மாற்றுங்கள். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை உங்கள் போனில் ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள், யார் பெயர் வருகிறது என்று. சிரிக்காதீர்கள்.

பிரதி எடுத்த கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்ட ஒரு வழி இருக்கிறது. கோப்புக்குக் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணெழுத்து வரும். ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். விண்டோஸ் கணினியில் என் மாணவி ஒருத்தி காட்டித் தந்தது இது:

```
certutil -hashfile D:\copy\kanakku.zip SHA256
```

வருவதைத் தேதி நேரத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்திலேயே இந்த ரேகை எண்ணைக் கேட்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "எல்லாம் என்கிட்ட இருக்கு" என்று இருந்துவிடாதீர்கள். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிகிற கணக்கு மென்பொருளைத்தான் வைத்திருக்க வேண்டும். அந்தத் திருத்தத் தடத்தை முதலில் பிரதி எடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஆட்களிடம் பேச வேண்டும். தாள் பேசி முடிக்கும் முன் ஆளைப் பேச வைத்தால், என்ன கேட்பது என்று உங்களுக்கும் தெரியாது. எதை மறைக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அலுவலர் ஆட்களைக் கூப்பிட்ட வரிசையைக் கவனித்தேன். முதலில் சம்பந்தமே இல்லாதவர்: அச்சகக்காரர், வங்கிக் காசாளர். பிறகு அலுவலகத்தில் பணம் தொடாதவர்கள்: உதவியாளர், துப்புரவுப் பணியாளர். பிறகு அந்தப் பெண். கடைசியில் செயலாளர். வெளியிலிருந்து உள்ளே. எல்லாரையும் ஒரே மாதிரி கூப்பிட்டார், ஒரே நாற்காலி, ஒரே நேர அளவு. அதனால் யார் மேல் சந்தேகம் என்று வெளியில் யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் வராந்தாவில் பார்க்காதபடி நேரம் கொடுத்திருந்தார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டபோது அவள் அம்மாவையும் கூட வரச் சொன்னார், துறையிலிருந்து ஒரு பெண் ஆய்வாளரையும் உட்கார வைத்தார். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. அவள் கதவருகே, வழியை மறித்து யாரும் இல்லை. வேண்டும்போது எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொன்னார். பிறகு, "உன்மேல குற்றம் சாட்டி இங்க கூப்பிடலைம்மா. நீ சொல்றதை நான் எழுதுவேன். அதைத் தேவைப்படுறவங்க மட்டும்தான் படிப்பாங்க. ஆனா யாருமே படிக்க மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, கோர்ட்டு கேட்டா கொடுக்கணும்" என்றார். இந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது. "நமக்குள்ளேயே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுகிறவர்கள்தான் அதிகம்.

"எடுத்தாயா?" என்று அவர் கேட்கவே இல்லை. "காலையில வந்ததுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வேன்னு சொல்லு" என்றார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார், குறுக்கே பேசவில்லை. "பணம் கொடுக்கும்போது செயலாளர் கையெழுத்துப் போடுவாரா?" என்று மட்டும் கேட்டார். மாட்டார், கேட்டால் கோபிப்பார் என்றாள். "அப்ப நீ எப்படி ஞாபகம் வச்சுப்பே?" அவள் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். தினமும் யார் எவ்வளவு கட்டினார்கள், மாலையில் மொத்தம் எவ்வளவு ஒப்படைத்தாள் என்று மூன்று வருடமாகத் தன் திருப்திக்கு எழுதி வைத்திருந்தாள். அது எத்தனையாவது நோட்டோ. நாங்கள் ஏழு பேர் சுற்றி நின்று அதட்டிய அன்றும் அது அவள் பையில்தான் இருந்திருக்கிறது.

எழுதியதைப் படித்துக் காட்டி, அவள் சொன்ன இரண்டு திருத்தங்களைப் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவளிடமே கொடுத்தார்.

செயலாளரிடமும் அதே மரியாதைதான். முதலில் நடைமுறையைச் சொல்ல வைத்தார். "நான்தான் அன்றன்றைக்கே பதிவேன்" என்று அவர் வாயால் சொல்லிக் கையெழுத்திட்ட பிறகே, மூன்று தேதித் தாளை மேசையில் வைத்தார். தாளை முதலிலேயே காட்டியிருந்தால், அதற்கேற்ற கதை வந்திருக்கும். பதில் சொல்ல அவகாசமும் கொடுத்தார், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தார், பணியிடை நீக்கக் காலத்தில் பிழைப்பூதியமும் உண்டு. "திருடனுக்கு எதுக்குய்யா இவ்வளவு மரியாதை?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கொதித்தார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. மிரட்டியோ, "ஒத்துக்கிட்டா விட்டுடறோம்" என்று ஆசை காட்டியோ அதிகாரத்தில் இருப்பவர் வாங்கிய ஒப்புதல் குற்ற வழக்கில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அது, புதிய சட்டத்திலும் தொடர்கிறது. எங்கள் அவசரக் கூட்டத்தில் அந்தப் பெண் பயந்து எழுதிக் கொடுத்திருந்தால் எங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை, உண்மையான ஆள் மட்டும் தப்பியிருப்பார். செயலாளர் மீது 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை உத்தரவு வந்தது, பணம் வசூலாயிற்று. தொலைந்த அந்த மூன்று செலான் புத்தகங்களால்தான் ஒரு வருடம் கூடுதலாக இழுத்தது.

நான் சொல்வது மிகை என்று நினைப்பவர்கள் இங்கிலாந்து தபால் துறை வழக்கைப் படியுங்கள். ஹொரைசன் என்ற கணினி முறை பணம் குறைவதாகக் காட்டியது. அதை நம்பி, 1999-க்குப் பிறகு பல வருடங்களில் 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கோளாறு மென்பொருளில் இருந்தது. கேட்டவர்கள் பலரிடம், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று சொல்லியிருக்கிறார்கள். சிலர் சொந்த வீட்டை அடகு வைத்துக் குறையை நிரப்பினார்கள், கர்ப்பிணி ஒருவர் சிறைக்குப் போனார். பெரும்பாலான வழக்குகளில் விசாரித்ததும் வழக்கு நடத்தியதும் அதே நிறுவனம். 2024-இல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பணம் குறைகிறது என்றால் திருட்டு என்று மட்டும் அர்த்தம் இல்லை. பதிவுத் தவறாக இருக்கலாம், கருவித் தவறாக இருக்கலாம். அதை விலக்கும் வரை அது சந்தேகம் மட்டும்தான்.

எங்கள் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில், முகப்பு எழுத்தர் மீது எந்தத் தவறும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. பேரவைக் கூட்டத்தில் அந்த வரியை யாரும் வாசிக்கவில்லை. குற்றம் சாட்டியது மைக்கில், விடுவித்தது கோப்பில். அதற்காக நான் எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டோம், வர மறுத்தாள். கோபமாகப் பேசவில்லை. "அன்னிக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், உன்கிட்ட என்ன இருக்குன்னு கேட்டிருந்தா நோட்டைக் காட்டியிருப்பேன் சார்" என்றாள். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே போனில் அந்த மாணவனிடம் சொன்னேன். முதலில் குரூப்பில் போட்டதை வைத்து இன்னும் பேச்சு வளராமல், "விசாரணை முடியும் வரை யார் மீதும் குற்றம் இல்லை, என் அவசரத்துக்கு வருந்துகிறேன்" என்று அதே குரூப்பில் எழுது. பழைய செய்தியை அழிக்காதே, அதுவும் இப்போது ஆவணம்தான். அந்தப் பையனைச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல், மற்ற இருவரையும் கல்லாவிலிருந்து வேறு வேலைக்கு மாற்று. கணினி அறைக்குப் புதுப் பூட்டு, சாவி உன் மனைவியிடம். வங்கிக்கு நாளைக் காலை நீயே போ. ஊரில் உனக்கு உறவில்லாத ஒரு தணிக்கையாளரைப் பிடி.

நேற்று இரவு மறுபடி பேசினான். குரூப்பில் எழுதிவிட்டானாம். வங்கி விவரம் வந்துவிட்டது. மூன்று தேதித் தாளைப் போட உட்கார்ந்தால், ரசீதுப் புத்தகத்தில் நடுவில் ஒன்று காணோமாம், எண் 14. "அச்சகத்துல எத்தனை புத்தகம் கொடுத்தாங்கன்னு முதல்ல கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றேன். சனிக்கிழமை கூப்பிடுகிறேன் என்றிருக்கிறான்.